ஸ்பூல் நடுவில் நிற்கிறதா? எல்.வி.டி.டி. சிக்னலும் ஒத்திசைவுப் பண்பிறக்கமும்



ஹைட்ராலிக் வால்வு ஒன்றுக்குள் இருக்கும் ஸ்பூலைப் பற்றி இன்று பேசப் போகிறேன். உருளை வடிவ எஃகுத் தண்டு அது. நடுவில் நின்றால் எண்ணெய் எந்தப் பக்கமும் போகாது. வலப்புறம் நகர்ந்தால் சிலிண்டர் முன்னே போகும், இடப்புறம் நகர்ந்தால் பின்னே வரும். நல்ல வால்வுகளில் ஸ்பூலின் விளிம்பும் எண்ணெய் வழியின் விளிம்பும் சில மைக்ரான் அளவுக்குள் பொருந்தும்படி அரைக்கப்பட்டிருக்கும். அதனால் முழுப் பயணத்தில் ஒரு விழுக்காடு நகர்ந்தாலே, பம்ப் தரும் அழுத்தத்தில் கணிசமான பகுதி சிலிண்டரின் ஒரு பக்கம் ஏறிவிடும். ஸ்பூல் நடுவில்தான் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுப் பலகை நம்பிக்கொண்டிருக்க, அது உண்மையில் பத்து மைக்ரான் தள்ளி நின்றால், யாரும் கட்டளையிடாமலே சிலிண்டர் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்பூல் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதன் முனையில் பொருத்திய எல்.வி.டி.டி. இது நேர்கோட்டு இடப்பெயர்ச்சியை அளக்கும் வேறுபாட்டு மின்மாற்றி. இதன் அடிப்படை அமைப்புக்கு ஹோட்லி என்பவர் அமெரிக்காவில் 1940-இல் காப்புரிமை பெற்றார். ஹெர்மன் ஷேவிட்ஸ் 1946-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே பொறியாளர்கள் இதைப் பரவலாகக் கையில் எடுத்தார்கள். கருவி எளியது. நடுவில் ஒரு முதன்மைச் சுருள், இருபுறமும் ஒவ்வொரு துணைச் சுருள், மூன்றுக்கும் உள்ளே உராயாமல் நகரும் நிக்கல்-இரும்பு உள்ளகம். முதன்மைச் சுருளுக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறோம். உள்ளகம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத் துணைச் சுருளில் மின்னழுத்தம் கூடும், எதிர்ப்பக்கத்தில் குறையும். இரண்டையும் எதிரெதிராக இணைத்தால் கிடைக்கும் வேறுபாடே நமக்கு வேண்டிய சிக்னல்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். பயணம் நடுவிலிருந்து இருபுறமும் 2.5 மில்லிமீட்டர். முதன்மைச் சுருளுக்கு 3 வோல்ட், 2.5 கிலோஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 300 மில்லிவோல்ட் வேறுபாடு, அதாவது ஒரு மைக்ரானுக்கு 0.3 மில்லிவோல்ட். உள்ளகம் நடுவில் இருக்கும்போது துணைச் சுருள் ஒவ்வொன்றிலும் 1.5 வோல்ட் இருக்கட்டும். நான் சொல்லும் மாறுதிசை மின்னழுத்தங்கள் எல்லாம் சராசரி இருமடி மூல மதிப்புகள்.

இந்தச் சிக்னலின் வீச்சு எவ்வளவு தூரம் என்று சொல்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. வலப்புறம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இடப்புறம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மீட்டரில் அதே 300 மில்லிவோல்ட்தான். பக்கத்தைச் சொல்வது கட்டம். நடுவைக் கடக்கும்போது அலை தலைகீழாகிவிடுகிறது, 180 பாகை புரள்கிறது. சாதாரண டையோடு அலைதிருத்தி கட்டத்தைப் பார்க்காது, கீழே இருப்பதையெல்லாம் மேலே மடித்துவிடும். அதன் வெளியீட்டை வரைந்தால் ஆங்கில எழுத்து 'வி' போன்ற வரைபடம் வரும். ஸ்பூலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகிவிட்டால் கட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த 'வி'யின் அடிமுனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளகத்தை எவ்வளவு நுட்பமாக நகர்த்தினாலும் வேறுபாடு முழுச் சுழியாகாது. நம் கருவியில் 3.75 மில்லிவோல்ட் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அது முழு அளவில் அரை விழுக்காடு, வழக்கமாகப் பார்க்கக்கூடிய அளவுதான். இது எங்கிருந்து வருகிறது? இரண்டு துணைச் சுருள்களும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. அவற்றின் மின்தடையில் சிறு வித்தியாசம் இருக்கும், சுற்றுகளுக்கிடையே தேங்கும் மின்தேக்குத்திறனிலும் இருக்கும். அதனால் இரண்டு அலைகளும் வீச்சில் சமமானாலும் கட்டத்தில் ஒரு துளி விலகி நிற்கும். 1.5 வோல்ட் அலைகள் இரண்டு, ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு விலகினாலே இந்த 3.75 மில்லிவோல்ட் வந்துவிடுகிறது. அப்படி வரும் எச்சம் உண்மைச் சிக்னலுக்குக் கால் சுற்று, அதாவது 90 பாகை, தள்ளி நிற்கும். அதை இனி 'கால்சுற்று எச்சம்' என்று அழைக்கிறேன். அதே கட்டத்தில் நிற்கும் எச்சம் என்று ஒன்று இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, உள்ளகத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அது மறைந்துவிடும். கால்சுற்று எச்சத்தை எந்த நகர்வாலும் போக்க முடியாது.

அலைதிருத்தி வைத்திருப்பவருக்கு இது என்ன செய்யும்? 90 பாகை தள்ளிய இரண்டு அலைகள் நேரடியாகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடி, கர்ணத்தின் நீளத்தைத் தருகின்றன. நடுவில் 3.75 மில்லிவோல்ட். ஸ்பூல் 1 மைக்ரான் நகர்ந்தால் சிக்னல் 0.3 மில்லிவோல்ட். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 3.762. கூடியது 0.012 மில்லிவோல்ட் மட்டும். வர வேண்டிய 0.3-இல் இருபத்தைந்தில் ஒரு பங்கு! எந்த இடத்தில் கண் மிகக் கூர்மையாக இருக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே கருவி குருடாகிறது. பெருக்கியின் ஆற்றலைக் கூட்டினால் எச்சமும் சேர்ந்து பெருகுமே தவிர ஒரு பயனும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஒத்திசைவுப் பண்பிறக்கம் வருகிறது. செய்முறை இதுதான். முதன்மைச் சுருளை ஓட்டும் அலையியற்றியிலிருந்தே ஒரு கிளை எடுத்து, ஒப்பீட்டுச் சுற்று ஒன்றின் வழியாகச் சதுர அலையாக்குகிறோம். இதற்குப் பெயர் ஆதார அலை. துணைச் சுருள்களின் வேறுபாட்டை ஒரு பெருக்கிக்குக் கொடுக்கிறோம். ஆதார அலை மேலே இருக்கும் அரைச் சுற்றில் பெருக்கி சிக்னலை அப்படியே விடும், கீழே இருக்கும் அரைச் சுற்றில் தலைகீழாக்கி விடும். உள்ளே ஓர் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மாறி மாறித் தாவுகிறது, அவ்வளவுதான். பின்னால் ஒரு தாழ்பட்டை வடிப்பான் சராசரி எடுக்கிறது. சிக்னலின் உச்சம் `A`, ஆதார அலைக்கும் சிக்னலுக்கும் இடையேயான கட்ட வேறுபாடு `φ` என்றால், வெளியே வருவது:

```
V = (2/π) · A · cos φ
```

கட்டம் ஒத்திருந்தால் கொசைன் 1, முழு வெளியீடு. உள்ளகம் நடுவைத் தாண்டினால் கட்டம் 180 பாகை, கொசைன் மைனஸ் 1, வெளியீடு எதிர்க்குறியாகிறது. 'வி' விரிந்து ஒரு நேர்கோடாகிவிட்டது. கால்சுற்று எச்சத்துக்குக் கொசைன் 90, அதாவது சுழி. ஊஞ்சலைத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அது நம்மை விட்டு விலகும்போதெல்லாம் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் வேகத்தோடு சேரும். கால் சுற்று தப்பித் தள்ளினால், பாதித் தள்ளல் வேகத்தைக் கூட்டும், மறுபாதி குறைக்கும், கடைசியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எச்சம் அப்படியேதான் இருக்கிறது, ஆஸிலாஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் சராசரியில் அது பங்கு பெறுவதில்லை.

ஷேவிட்ஸின் கட்டுரை வந்த அதே 1946-இல், ராபர்ட் டிக்கி நுண்ணலைகளில் வரும் மிக மெல்லிய வெப்பக் கதிர்வீச்சை அளக்க இதே உத்தியைக் கையாண்டார். அளக்க வேண்டியதையும் ஒப்பிட வேண்டியதையும் சீரான தாளத்தில் மாற்றி மாற்றிக் காட்டி, அதே தாளத்தில் பண்பிறக்கம் செய்தார். வானொலி வானியலிலும் வால்வு ஸ்பூலிலும் ஒரே கருத்து வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மேலே சொன்ன வாய்பாட்டில் கொசைன் இருக்கிறது. அங்கேதான் நடைமுறைத் தொல்லை அனைத்தும் ஒளிந்திருக்கிறது. துணைச் சுருளின் அலை, முதன்மைச் சுருளுக்கு நாம் கொடுத்த மின்னழுத்தத்தோடு ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. காரணம் முதன்மைச் சுருளின் மின்தடை. அது 100 ஓம், மின்தூண்டல் 15 மில்லிஹென்றி என்று கொள்வோம். 2.5 கிலோஹெர்ட்ஸில் மின்தூண்டல் தரும் மறுப்பு சுமார் 236 ஓம். 100-ஐ 236-ஆல் வகுத்து, அதன் எதிர் டேன்ஜென்ட் எடுத்தால் 23 பாகை. துணைச் சுருளின் அலை 23 பாகை முந்தி நிற்கிறது. நீண்ட கேபிளின் மின்தேக்குத்திறனும் துணைச் சுருள் மீதான சுமையும் அதைக் கொஞ்சம் பின்னே இழுக்கும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் எந்த அதிர்வெண்ணில் கட்ட விலகல் சுழியாகும் என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

அலையியற்றியின் கிளையை அப்படியே ஆதாரமாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? கொசைன் 23 என்பது 0.92, எட்டு விழுக்காடு சிக்னல் போகிறது. அதைப் பெருக்கியில் ஈடுகட்டிவிடலாம், அது பெரிய விஷயமல்ல. ஆனால் கால்சுற்று எச்சத்துக்கு இப்போது கதவு திறந்துவிட்டது. எச்சத்தின் 12.5 மைக்ரானில் (3.75-ஐ 0.3-ஆல் வகுத்தது) டேன்ஜென்ட் 23 அளவு, அதாவது 5 மைக்ரானுக்குச் சற்று மேல், சுழி நகர்கிறது. பலகையில் உள்ள சுழித் திருகைத் திருப்பி அதையும் மறைத்துவிடலாம் என்று தோன்றும். மறைக்கலாம், எச்சமும் கட்டமும் என்றைக்கும் மாறாமல் இருந்தால். அவை மாறும். எப்படி மாறுகின்றன என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

முதலில் கட்டத்தைச் சரிசெய்யும் முறை. ஆப்-ஆம்ப் ஒன்றை வைத்து வீச்சை மாற்றாமல் கட்டத்தை மட்டும் நகர்த்தும் சுற்று அமைத்து, சிக்னலை 23 பாகை தாமதப்படுத்தலாம். 1 நானோஃபாரட் மின்தேக்கியும் 13 கிலோ ஓம் மின்தடையும் இதற்குப் போதும். மின்தடையின் இடத்தில் ஒரு சிறு திருகு மின்தடையை வைத்துக்கொள்வோம். அதை எப்படித் திருப்புவது? பலரும் ஸ்பூலை ஒரு பக்கம் தள்ளிவைத்து, வெளியீடு உச்சத்தைத் தொடும் வரை திருப்புவார்கள். அது தவறான வழி. கொசைன் வளைவு உச்சியில் தட்டையானது. ஐந்து பாகை தப்பாக நின்றாலும் வெளியீடு 0.4 விழுக்காடுதான் குறையும், உச்சத்தைத் தொட்டுவிட்டோம் என்று கை நின்றுவிடும்.

சரியான வழி உச்சத்தைத் தேடாமல் சுழியைத் தேடுவது. ஆதார அலையைத் தற்காலிகமாக 90 பாகை திருப்பிக் கொடுங்கள். இப்போது வாய்பாட்டில் கொசைனுக்குப் பதில் சைன் வேலை செய்கிறது. ஸ்பூலைப் பயணத்தின் பாதித் தொலைவுக்குத் தள்ளிவைத்து, வெளியீடு சுழியாகும்வரை திருப்புங்கள். அதே ஐந்து பாகைப் பிழை இப்போது முழு வெளியீட்டில் 8.7 விழுக்காடாகக் கத்தும். ஒரு பாகைப் பிழைகூட 1.7 விழுக்காடு காட்டும். ஸ்பூலை எதிர்ப்பக்கம் தள்ளியும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சிறு மதிப்பில் நின்றால் அது கால்சுற்று எச்சம், அதை விட்டுவிடலாம். ஒரு பக்கம் கூட்டலும் மறுபக்கம் கழித்தலுமாக வந்தால் கட்டம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். பிறகு ஆதார அலையைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டியதுதான். வடிப்பானுக்கு முன்னால் ஆஸிலாஸ்கோப் வைத்தும் உறுதிசெய்யலாம். கட்டம் பொருந்தியிருந்தால் அரைச் சைன் மேடுகள் சுழிக்கோட்டில் கூர்மையாகச் சந்தித்து வரிசையாக நிற்கும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் ஒரு செங்குத்து வெட்டு சுழிக்குக் கீழே இறங்கும்.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். காலையில் எந்திரத்தை இயக்கும்போது எண்ணெய் 25 பாகை செல்சியஸ். வேலை சூடுபிடித்த பிறகு வால்வின் உடல் 65 பாகை. செம்பின் மின்தடை பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 40 பாகை ஏற்றத்துக்கு நம் 100 ஓம் சுமார் 116 ஓம் ஆகிறது. இதனால் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் 2.5 விழுக்காடு குறைகிறது, எல்லா அளவீடும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. கட்டம் 23-இலிருந்து 26 பாகைக்கு, அதாவது மூன்று பாகைக்கு மேல் நகர்கிறது.

இவற்றில் எது மோசம் என்பது ஸ்பூல் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்பூல் 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்போது 2.5 விழுக்காடு என்பது 50 மைக்ரான். அங்கே கட்ட மாற்றத்தால் வரும் பிழை ஒரு பொருட்டே அல்ல. நடுவில் நிற்கும்போது கதை தலைகீழ். சுழியின் 2.5 விழுக்காடு சுழிதான். அங்கே மிஞ்சுவது கால்சுற்று எச்சம் கசிந்து வருவதால் நேரும் நகர்வு மட்டும். காலையில் கட்டத்தைச் சரியாகப் பொருத்தியிருந்தால் அது 0.7 மைக்ரான் அளவில் நின்றுவிடும். இந்த வால்வுக்கு அது பொறுக்கத்தக்கது. எச்சம் பெரிதாக உள்ள மலிவுக் கருவியில் இதே மூன்று பாகை பல மைக்ரானாக வளரும். காலையில் ஒழுங்காக நிற்கும் சிலிண்டர் மதியம் ஊர்கிறது, மறுநாள் காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால், நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இரண்டு பிழைகளுக்கும் ஒரே மருந்து உண்டு. ஆதாரத்தை அலையியற்றியிலிருந்து எடுக்காமல் துணைச் சுருள்களிலிருந்தே எடுப்பது. வேறுபாட்டிலிருந்து எடுக்கக் கூடாது. வேறுபாட்டை வேறுபாட்டின் ஆதாரத்தாலேயே பெருக்கினால் விடை எப்போதும் கூட்டலாகவே வரும், பக்கம் மறுபடி தொலைந்துபோகும். எடுக்க வேண்டியது இரண்டு துணைச் சுருள்களின் கூட்டுத்தொகை. உள்ளகம் எங்கே நகர்ந்தாலும் ஒன்றில் கூடுவது மற்றொன்றில் குறைவதால், நல்ல வடிவமைப்பில் கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறாமல் 3 வோல்ட்டிலேயே இருக்கும். அது வேறுபாட்டோடு ஒரே இரும்பு, ஒரே செம்பு, ஒரே மின்னோட்டத்திலிருந்து பிறந்தது. முதன்மைச் சுருள் சூடாகிக் கட்டம் மூன்று பாகை நகர்ந்தால் கூட்டுத்தொகையும் அதே மூன்று பாகை நகரும். பண்பிறக்கி எதையும் உணராது. வீச்சு 2.5 விழுக்காடு குறைந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி குறையும். இரண்டையும் பண்பிறக்கம் செய்து, வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டால் அந்தக் குறைவும் விடையில் இல்லை. நம் கருவியில் அந்த விகிதம் ஒரு மில்லிமீட்டருக்கு 0.1. மூன்று வோல்ட் என்ற அலையியற்றி மதிப்பு காலப்போக்கில் தேய்ந்தாலும் இந்த 0.1 தேயாது.

இதற்குத் துணைச் சுருள்களின் கம்பிகள் தனித்தனியே வெளியே வர வேண்டும். நான்கு கம்பி மட்டும் உள்ள, உள்ளுக்குள்ளேயே எதிரிணைப்புச் செய்த எல்.வி.டி.டி.யில் இது முடியாது. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏ.டி. 698 என்ற சில்லு இரண்டு வாய்க்கால்களை ஒத்திசைவாகப் பண்பிறக்கி விகிதம் எடுக்கிறது. அதே நிறுவனத்தின் ஏ.டி. 598 வேறு பாதையில் போகிறது. இரண்டு துணைச் சுருள்களின் அளவையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. தனித்தனிச் சுருள்களின் அலை ஒருபோதும் சுழியை நெருங்காததால் அங்கே திசை தொலைவதில்லை, கட்டத்தைப் பொருத்தும் வேலையும் இல்லை. இரண்டு 1.5 வோல்ட்களின் வித்தியாசத்தில் ஒரு மைக்ரானைத் தேட வேண்டியிருப்பதால், இரண்டு வாய்க்கால்களும் மிகத் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும் என்பது அதற்கு நாம் தரும் விலை. சுழியருகே நுணுக்கம் வேண்டும் என்றால் முதலில் கழித்துவிட்டுப் பிறகு பண்பிறக்குவதையே நான் விரும்புவேன்.

வெளியிலிருந்து வரும் இரைச்சலைப் பற்றி ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். ஒத்திசைவுப் பண்பிறக்கம் 50 ஹெர்ட்ஸ் மின்வழி இரைச்சலை எளிதில் ஒதுக்கும். பண்பிறக்கியில் அது 2450, 2550 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட, வடிப்பான் அதை நசுக்கிவிடும். ஆனால் ஆதார அதிர்வெண்ணுக்கு மிக அருகில் வரும் அலைக்கு இதே முறை வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே பெட்டியில் அருகருகே இரண்டு வால்வுகளுக்கான இரண்டு பலகைகள். இரண்டும் பெயருக்கு 2.5 கிலோஹெர்ட்ஸ், உண்மையில் ஒன்று 2500, மற்றொன்று 2503. கேபிள்கள் ஒரே குழாயில் ஓடுகின்றன. ஒன்றின் அலை மற்றொன்றில் ஒரு மில்லிவோல்ட் கசிந்தால், வெளியீட்டில் நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும் 3 மைக்ரான் ஆட்டம் தோன்றும். எந்த வடிப்பானும் இதைத் தடுக்காது, உண்மையான ஸ்பூல் அசைவும் அதே அதிர்வெண்களில்தான் இருக்கிறது. ஸ்பூல் நடுங்குகிறது என்று நினைத்து வால்வைக் கழற்றுவார்கள், எண்ணெயை மாற்றுவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்துப் பலகையின் முதன்மைச் சுருள் இணைப்பைக் கழற்றினால் ஆட்டம் அந்த நொடியே நிற்கும். பலகை சூடேறும்போது ஆட்டத்தின் வேகம் மாறுவதும் இன்னோர் அடையாளம். எண்ணெய் ஓட்டத்தால் வரும் நடுக்கம் அப்படி மாறாது. தீர்வு, ஒரே அலையியற்றியிலிருந்து இரண்டு பலகைகளையும் ஓட்டுவது. கசிவு அப்போதும் இருக்கும், ஆனால் அசையாத சிறு நகர்வாக உறைந்துவிடும், அதைச் சரிக்கட்டிவிடலாம். மோட்டாரை ஓட்டும் டிரைவ்களின் ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணும் இதே தொல்லையைத் தரக்கூடியது. ஆதாரம் சதுர அலையாக இருப்பதால் 7.5 கிலோஹெர்ட்ஸ் அருகே வருவதும் மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு உள்ளே வரும் என்பதை மறக்கக் கூடாது.

வடிப்பானைப் பற்றிச் சுருக்கமாக. பண்பிறக்கியின் வெளியே 5 கிலோஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் இருக்கும். 250 ஹெர்ட்ஸில் வெட்டும் இரண்டாம் வரிசை வடிப்பான் அதை நானூறில் ஒரு பங்காக்கும். அளப்பதற்கு மட்டும் என்றால் இது போதும். ஆனால் நம் ஸ்பூல் ஒரு கட்டுப்பாட்டு வளையத்துக்குள் இருக்கிறது. இந்த வடிப்பான் 0.9 மில்லிவினாடி தாமதம் தருகிறது. வளையம் 100 ஹெர்ட்ஸில் இயங்க வேண்டும் என்றால் அது 32 பாகைப் பின்னடைவு, நிலைத்தன்மையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, வடிப்பானை 1000 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவது நல்லது. பின்னடைவு 8 பாகையாகிறது. இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. மின்தூண்டலின் மறுப்பு நான்கு மடங்காகிவிடுவதால் செம்பின் மின்தடை சிறுபான்மையாகிறது. அதே 40 பாகை வெப்ப ஏற்றத்தில் கட்டம் ஒரு பாகைக்கும் குறைவாகவே நகரும், வீச்சு 0.2 விழுக்காடுதான் குறையும். பின் ஏன் எல்லோரும் 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போவதில்லை? கேபிளின் மின்தேக்குத்திறனும் உள்ளகத்தின் சுழல் மின்னோட்ட இழப்பும் அங்கே பெரிதாகின்றன, அவற்றோடு கால்சுற்று எச்சமும் வளர்கிறது. இந்த வால்வில் பலகை எல்.வி.டி.டி.யின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும், கேபிள் ஒரு சாண்தான். ஆகவே இங்கே துணிந்து போகலாம். கேபிள் இருபது மீட்டர் ஓடும் இடத்தில் போக மாட்டேன்.

இன்று இந்த வேலையின் பெரும்பகுதியை மைக்ரோகண்ட்ரோலர் செய்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு மாதிரிகளை, அலையியற்றியோடு பூட்டிய கடிகாரத்தில் எடுத்தால் பெருக்கலே தேவையில்லை:

```
I = s[0] - s[2];
Q = s[1] - s[3];
```

முதல் வரி ஒத்த கட்டப் பகுதி, இரண்டாவது கால்சுற்றுப் பகுதி. கழித்தல் நடப்பதால் பெருக்கியின் நேர்த்திசை நகர்வும் தானாக ஒழிகிறது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நான்கு மாதிரிகளால் மூன்றாம் மேற்சுரத்தை அடிப்படை அலையிலிருந்து பிரித்தறிய முடியாது. உள்ளகம் செறிவடையும்போது எழும் மூன்றாம் மேற்சுரம் குறையாமல் முழுப் பலத்தோடு விடையில் போய் உட்கார்ந்துவிடும். சதுர அலைப் பண்பிறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது, இங்கே முழுமையும் வருகிறது. அனலாக்-டிஜிட்டல் மாற்றிக்கு முன்னால் ஒரு வடிப்பான் வைக்க வேண்டும், அல்லது சுற்றுக்குப் பதினாறு மாதிரிகள் எடுத்துச் சைன் அட்டவணையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நான் இரண்டாவதைச் சொல்வேன். முன்வடிப்பான் தானும் வெப்பத்தில் கட்டத்தை நகர்த்தும்.

கடைசியாக, ஸ்பூலுக்கு மட்டுமன்றி அருகே நிற்பவருக்கும் ஆபத்தான ஒரு கோளாறு. முதன்மைச் சுருளின் கம்பி அறுந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு துணைச் சுருள்களிலும் ஒன்றும் இல்லை, வேறுபாடு சுழி. பண்பிறக்கி நேர்மையாகச் சுழி என்கிறது. கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது 'ஸ்பூல் நடுவில்' என்று கேட்கிறது. சிலிண்டரை நகர்த்தக் கட்டளை வந்ததும் பலகை ஸ்பூலைத் தள்ளும், வேறுபாடு மாறாது, இன்னும் தள்ளும், கடைசியில் வால்வு முழுவதும் திறந்து நிற்கும். வேறுபாட்டை மட்டும் பார்க்கும் பலகைக்கு இதை அறிய வழியே இல்லை. கூட்டுத்தொகையைப் பார்க்கும் பலகைக்கு அது 3 வோல்ட்டிலிருந்து சுழிக்கு விழுந்தது ஒரே சுற்றில் தெரியும். ஒரு துணைச் சுருள் மட்டும் அறுந்தாலும் கூட்டுத்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே மென்பொருளில் வகுத்தல் வருவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்க வேண்டும். கூட்டுத்தொகை 2.7 வோல்ட்டுக்குக் கீழே அல்லது 3.3 வோல்ட்டுக்கு மேலே போனால், விகிதத்தைக் கணக்கிடாமல் வால்வின் சோலனாய்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அப்போது ஸ்பிரிங் ஸ்பூலைத் தன் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோகும்.